இரட்டை பாயிண்ட் மின்னஞ்சல்: நூறு ரூபாய்க்கு எத்தனை ரூபாய் என்று எழுதுங்கள்

கேள்வி: மதுரையில் எங்களுக்கு மூன்று மெடிக்கல் ஷாப். பில்லில் ஒவ்வொரு முழு நூறு ரூபாய்க்கும் 4 பாயிண்ட் தருகிறோம். 100 பாயிண்ட் சேர்ந்தால் அடுத்த பில்லில் 25 ரூபாய் கழிப்போம். மாத்திரை மருந்துகளுக்கு 10 சதவீதத் தள்ளுபடி ஏற்கனவே உண்டு. ஜூன் 13, 14 சனி ஞாயிறு இரட்டை பாயிண்ட் கொடுக்கப் போகிறோம். போன தடவை மின்னஞ்சல் போனதும் கவுன்டரில் ஒரே வாக்குவாதம். பாயிண்டின் மதிப்பு எல்லோருக்கும் புரிகிற மாதிரி எப்படி எழுதுவது?

பதில்:

வாக்குவாதத்துக்குக் காரணம் பெரும்பாலும் "இரட்டை" என்ற ஒற்றைச் சொல்தான். அதை மூன்று விதமாகப் புரிந்துகொள்ள இடம் இருக்கிறது. கணக்கில் ஏற்கனவே இருக்கும் 180 பாயிண்ட் 360 ஆகிவிடும் என்று ஒருவர் நினைப்பார். 100 பாயிண்டுக்கு 25 ரூபாய்க்குப் பதிலாக 50 ரூபாய் கழிப்பார்கள் என்று இன்னொருவர் நினைப்பார். அந்த இரண்டு நாளில் வாங்கும் பொருளுக்கு மட்டும் பாயிண்ட் இரண்டு மடங்கு என்பது மூன்றாவது அர்த்தம். நீங்கள் சொல்ல வந்தது அது மட்டும்தான். "இந்த வார இறுதியில் இரட்டை பாயிண்ட்!" என்று தலைப்பு வைத்து அனுப்பினால் முதல் இரண்டு பேரும் சண்டைக்கு வருவது நியாயமே.

அதனால் மின்னஞ்சலின் முதல் வரியிலேயே பாயிண்டை ரூபாயாக்கிவிடுங்கள். உங்கள் கணக்கு எளிது. 100 பாயிண்ட் 25 ரூபாய் என்றால் ஒரு பாயிண்ட் 25 பைசா. வழக்கமாக நூறு ரூபாய்க்கு 4 பாயிண்ட், அதாவது 1 ரூபாய். இரட்டை நாளில் 8 பாயிண்ட், அதாவது 2 ரூபாய். "வழக்கமாக ₹100க்கு ₹1. இந்த சனி, ஞாயிறு ₹100க்கு ₹2." வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். ₹2 என்று எழுதினால் சின்னதாகத் தெரியுமே, 8 பாயிண்ட் என்றால் பெரிதாக இருக்குமே என்று கடையில் யாராவது சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். 8 பாயிண்டை 8 ரூபாய் என்று எடுத்துக்கொண்டு வருபவர்தான் கவுன்டரில் குரலை உயர்த்துவார்.

அடுத்து, இதை ஒரு முழு பில்லில் போட்டுக் காட்டுங்கள். விதிகளைப் படிக்காதவர்கள்கூட பில்லைப் படிப்பார்கள். ஓர் உதாரணம். ஒருவர் சனிக்கிழமை வருகிறார். மாதாந்திர மாத்திரைகளின் எம்ஆர்பி ₹1,460. 10 சதவீதம் போக ₹1,314. சோப்பு, பற்பசை, பேண்டேஜ் எல்லாம் சேர்த்து ₹295. குழந்தைப் பால் பவுடர் ஒரு டப்பா ₹425. அவர் கட்டுவது ₹2,034. இதில் பால் பவுடருக்குப் பாயிண்ட் கிடையாது (காரணம் கீழே). மீதி ₹1,609. அதில் முழு நூறுகள் 16. பதினாறை எட்டால் பெருக்கினால் 128 பாயிண்ட். மதிப்பு ₹32. வழக்கமான நாளாக இருந்தால் 64 பாயிண்ட், ₹16.

இத்தோடு நிறுத்தினால் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கும். நீங்கள் 100, 100ஆகத்தான் கழிக்கிறீர்கள். 128 பாயிண்ட் உள்ளவர் அடுத்த முறை வந்தால் ₹32 கழியாது, ₹25தான் கழியும். 28 பாயிண்ட் கணக்கில் தங்கும். முன்பே 86 பாயிண்ட் வைத்திருந்தால் மொத்தம் 214, கழிவது ₹50, தங்குவது 14. இதை மின்னஞ்சலிலேயே சொல்லிவிட வேண்டும். "₹32 மதிப்பு" என்று படித்துவிட்டு வந்து ₹25 கழிந்த பில்லைப் பார்ப்பவருக்கு ஏழு ரூபாயை நீங்கள் விழுங்கிவிட்டதாகத்தான் தோன்றும். அவருடைய 28 பாயிண்ட் பத்திரமாக இருக்கிறது என்பது பில்லின் அடியில் அச்சானால் இன்னும் நல்லது.

முழு நூறு என்ற விதியும் பலருக்குத் தெரியாது. ₹199 பில்லுக்கு வழக்கமான நாளில் 4 பாயிண்ட்தான், 8 இல்லை. காலையில் ₹90, மதியம் ₹80, மாலையில் ₹70 என்று மூன்று பில் போட்டவருக்கு ஒன்றுமே சேராது. அதே ₹240 ஒரே பில்லாக இருந்தால் 8. "ஒரே பில்லாக வாங்கினால் பாயிண்ட் வீணாகாது" என்று ஒரு வரி போடுங்கள். இதில் உங்கள் பக்கமும் ஒரு தவறு நடக்கலாம். பில்லிங் சாஃப்ட்வேரில் இரட்டைச் சலுகையை "நூறுக்கு 8" என்று போடுவதற்குப் பதிலாக "ஐம்பதுக்கு 4" என்று ஒருவர் போட்டுவிடுவார். இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் ₹150 பில்லுக்கு முதலாவதில் 8 பாயிண்ட், இரண்டாவதில் 12. மூன்று கடையிலும் ₹150க்கு ஒரு சோதனை பில் போட்டுப் பார்த்தால் வெள்ளிக்கிழமையே தெரிந்துவிடும். ஒரு கிளையில் 8, இன்னொரு கிளையில் 12 என்று ஞாயிறு மாலை தெரியவந்தால் சரிசெய்ய வழியில்லை.

இப்போது பால் பவுடர். 1992ஆம் ஆண்டின் குழந்தைப் பால் மாற்றுச் சட்டம், 2003இல் திருத்தப்பட்டது. இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கான பால் பவுடர், குழந்தை உணவு, பால் புட்டி ஆகியவற்றின் விற்பனையைப் பெருக்க எந்த வகையான ஊக்கமும் தருவதை அது தடுக்கிறது. தாய்ப்பாலை விட்டு மக்களை இழுக்கக்கூடாது என்பது நோக்கம். ஆகவே இரட்டை பாயிண்ட் மட்டுமல்ல, சாதாரண நாளிலும் இந்தப் பொருட்களைப் பாயிண்ட் கணக்கிலிருந்து நீக்கிவைப்பதே முறை. மின்னஞ்சலில் பால் டப்பா படமும் வேண்டாம். காரணத்தை நீட்டி எழுதத் தேவையில்லை. "2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பால் பவுடர், குழந்தை உணவு, பால் புட்டிக்குச் சட்டப்படி பாயிண்ட் இல்லை" என்றால் போதும். "சட்டப்படி" என்ற சொல் கவுன்டரில் பாதிப் பேச்சை மிச்சப்படுத்தும்.

மருந்துப் பெயர், நோய்ப் பெயர் இரண்டையும் மின்னஞ்சலில் எங்குமே எழுதாதீர்கள். "சர்க்கரை மருந்துக்கு இரட்டை பாயிண்ட்" என்று எழுதத் தோன்றும், ஏனென்றால் உங்கள் வழக்கமான வாடிக்கையாளர்களில் பலர் அதற்குத்தான் வருவார்கள். ஆனால் சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் 1954ஆம் ஆண்டு மருந்து, மாந்திரீக வைத்திய விளம்பரச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. அந்த நோய்களுக்கு மருந்து என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யக்கூடாது. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், ஒருவரின் போன் திரையில் "உங்கள் சர்க்கரை மாத்திரைக்கு..." என்று அறிவிப்பு வந்தால் பக்கத்தில் இருப்பவரும் படித்துவிடுவார். "உங்கள் மாதாந்திர மருந்துகள்" என்பதோடு நிறுத்துங்கள். மருத்துவர் சீட்டு வேண்டிய மருந்துக்குச் சீட்டு வேண்டும், சீட்டில் உள்ள அளவுதான் கிடைக்கும் என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பாயிண்டுக்காக மூன்று மாத மருந்தை ஒரேயடியாகக் கேட்பார்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டிய இன்சுலினை அப்படி வாங்கிக் குவிப்பது அவருக்கும் நல்லதல்ல, திரும்ப எடுக்க முடியாத உங்களுக்கும் நல்லதல்ல.

நேரம் பற்றி ஒரே ஒரு முடிவு எடுங்கள்: பில் அச்சான நேரம்தான் கணக்கு. ஞாயிறு இரவு 9:45க்கு வாட்ஸ்அப்பில் சீட்டு அனுப்பிவிட்டு, திங்கள் காலை வீட்டுக்கு மருந்து வாங்குபவர் உங்களுக்குக் கட்டாயம் இருப்பார். அவருடைய பில் திங்கள்தான் போடப்படும். "ஞாயிறு இரவு 8 மணிக்குள் சீட்டு அனுப்பினால் அன்றே பில் போடுவோம்" என்று எழுதினால் அவர் முன்கூட்டியே அனுப்பிவிடுவார். சேர்ந்த பாயிண்டை எப்போது கழிக்கலாம் என்பதும் தேதியாக வேண்டும். சனி வாங்கி, ஞாயிறு கழித்து, சனிக்கிழமை வாங்கிய பொருளைத் திங்களன்று திருப்பிக் கொடுப்பவர்கள் சிலர் உண்டு. அதனால் புதன் 17ஆம் தேதி முதல் கழிக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுத்த பொருளின் பாயிண்ட் கழிக்கப்படும் என்பதையும் கூடவே எழுதிவிடுங்கள்.

இனி, நீங்கள் கேட்காத ஒரு விஷயம். இந்த இரண்டு ரூபாய் உங்கள் கையில் எவ்வளவு மிச்சம் வைக்கும் என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். 2013 மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உச்சவரம்பு விலை நிர்ணயிக்கும்போது சில்லறைக் கடைக்கு வைத்துக் கணக்கிடுவது கொள்முதல் விலையின் மேல் 16 சதவீதம். கொள்முதல் ₹100 என்றால் விற்பனை ₹116. விற்பனை விலையில் பார்த்தால் அது ஏறக்குறைய 13.8 சதவீதம். எம்ஆர்பி ₹100 உள்ள அப்படிப்பட்ட மருந்தில் உங்கள் அடக்கம் ₹86.20. 10 சதவீதம் தள்ளி ₹90க்கு விற்றால் மிச்சம் ₹3.80. அதன்மேல் இரட்டை பாயிண்ட் ₹1.80. கையில் நிற்பது ₹2. இதில்தான் வாடகை, சம்பளம் எல்லாம். கட்டுப்பாட்டில் இல்லாத மருந்துகளிலும் சோப்பு, பற்பசை வகையறாவிலும் கதை வேறாக இருக்கலாம். ஆனால் உங்கள் விற்பனையில் பாதி கட்டுப்பாட்டு மருந்துகள் என்றால் கணக்குப் போடாமல் மாதத்தில் நான்கு வார இறுதியும் இரட்டை என்று அறிவித்துவிடாதீர்கள்.

இதைப் பார்த்ததும் "தள்ளுபடி கொடுத்த மருந்துக்கு இரட்டை இல்லை" என்று ஒரு நட்சத்திரக் குறி போட ஆசை வரும். என் கருத்து, வேண்டாம். மெடிக்கல் ஷாப்புக்கு வருபவர் வாங்குவது மருந்துதான். அதற்கு இல்லை என்றால் அவருக்குச் சலுகையே இல்லை, மின்னஞ்சல் ஏமாற்று வேலை என்றாகிவிடும். இரண்டு நாளுக்கு அந்த ₹1.80ஐத் தாங்க முடியும் என்றால் எல்லாவற்றுக்கும் கொடுங்கள். தாங்காது என்றால் இரட்டையே வேண்டாம். தள்ளுபடி போகக் கட்டும் தொகைக்குத்தான் பாயிண்ட் என்பதை மட்டும் தெளிவாகச் சொன்னால் போதும்.

மின்னஞ்சலின் மதிப்பு கூடுவது ஒவ்வொருவரின் சொந்தக் கணக்கும் அதில் இருக்கும்போதுதான். "உங்களிடம் 86 பாயிண்ட். இன்னும் 14 சேர்ந்தால் ₹25" என்ற வரி எந்தப் படத்தையும் விட வேலை செய்யும். பில்லிங் சாஃப்ட்வேரிலிருந்து பட்டியலை எக்செலில் இறக்கி, பாயிண்ட் B பத்தியில் இருந்தால், இப்போது கழிக்கக்கூடிய ரூபாயும் அடுத்த நூறுக்கு வேண்டிய பாயிண்டும் இப்படி வரும்:

```
=INT(B2/100)*25
=100-MOD(B2,100)
```

214க்கு முதலாவது 50 தரும், இரண்டாவது 86 தரும். இங்கே நடக்கும் மிக மோசமான தவறு, பெயர்ப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அகரவரிசைப்படுத்துவது. பெயர்கள் நகர்ந்துவிடும், பாயிண்ட் பழைய இடத்திலேயே நிற்கும். ஒருவர் கணக்கு இன்னொருவருக்குப் போகும். வரிசைப்படுத்தினால் முழு அட்டவணையையும் தேர்ந்தெடுத்துச் செய்யுங்கள். பிறகு பத்துப் பேரின் பாயிண்டைச் சாஃப்ட்வேரில் நேரடியாகப் பார்த்துச் சரிபாருங்கள். பட்டியல் எந்த நாள் நிலவரம் என்பதையும் மின்னஞ்சலில் எழுத வேண்டும். வியாழன் இறக்கிய பட்டியலைப் பார்த்துவிட்டு, வெள்ளியன்று பாயிண்ட் கழித்துக்கொண்டவர் சனிக்கிழமை வந்து பழைய எண்ணைக் காட்டுவார்.

எல்லாவற்றையும் சேர்த்தால் மின்னஞ்சல் இப்படி இருக்கும்.

தலைப்பு: சனி, ஞாயிறு ₹100க்கு 8 பாயிண்ட் (₹2)

வணக்கம். ஜூன் 13 சனி காலை கடை திறந்ததிலிருந்து ஜூன் 14 ஞாயிறு இரவு 10 மணி வரை, எங்கள் மூன்று கடைகளிலும் நீங்கள் கட்டும் ஒவ்வொரு ₹100க்கும் 8 பாயிண்ட். வழக்கமாக 4.

8 பாயிண்டின் மதிப்பு ₹2. 100 பாயிண்ட் சேர்ந்ததும் பில்லில் ₹25 கழியும்.

ஜூன் 11 இரவு நிலவரப்படி உங்கள் கணக்கில் 86 பாயிண்ட். இன்னும் 14 சேர்ந்தால் ₹25 கழித்துக்கொள்ளலாம். ஏற்கனவே சேர்ந்த பாயிண்டும் அதன் மதிப்பும் மாறாது. இந்த இரண்டு நாளில் வாங்குவதற்கு மட்டுமே இரட்டை.

ஓர் உதாரணம்: தள்ளுபடி போக நீங்கள் கட்டுவது ₹1,609 என்றால் 16 முழு நூறு, 128 பாயிண்ட். உங்கள் 86உடன் சேர்த்து 214. அதில் 200 பாயிண்டுக்கு ₹50 கழியும், 14 பாயிண்ட் கணக்கில் இருக்கும்.

இந்த வார இறுதியில் சேரும் பாயிண்டை ஜூன் 17 புதன் முதல் 2027 ஜூன் 30 வரை கழித்துக்கொள்ளலாம். கழிக்கும்போது உங்கள் பதிவு எண்ணுக்கு ஓடிபி வரும், அந்தப் போன் கையில் இருக்கட்டும்.

ஒரே பில்லாக வாங்கினால் பாயிண்ட் வீணாகாது. வீட்டுக்கு மருந்து வேண்டுமானால் ஞாயிறு இரவு 8 மணிக்குள் சீட்டை அனுப்புங்கள். மருத்துவர் சீட்டு வேண்டிய மருந்துகள் சீட்டில் உள்ள அளவுக்கே தரப்படும். 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பால் பவுடர், குழந்தை உணவு, பால் புட்டிக்குச் சட்டப்படி பாயிண்ட் இல்லை. திருப்பிக் கொடுக்கும் பொருளின் பாயிண்ட் கழிக்கப்படும்.

இதுபோன்ற மின்னஞ்சல் வேண்டாம் என்றால் இங்கே அழுத்துங்கள். உங்கள் பாயிண்ட் அப்படியே இருக்கும்.

மின்னஞ்சல் அவ்வளவுதான். "ரிடீம்", "போனஸ்", "அர்ன்" என்று எதுவும் இல்லை. கவுன்டரில் இருக்கும் தம்பி வாயால் என்ன சொல்வாரோ அதே சொற்கள்தான்: பாயிண்ட், பில், கழியும். மின்னஞ்சலில் "வெகுமதிப் புள்ளி" என்றும் பில்லில் "பாயிண்ட்" என்றும் இருந்தால் இரண்டும் வேறு வேறு என்று நினைப்பவர்கள் உண்டு. கடைசி வரியில் "பாயிண்ட் அப்படியே இருக்கும்" என்பதும் வேண்டும். அது இல்லையென்றால் பாயிண்ட் போய்விடுமோ என்று பயந்து, வேண்டாம் என்று சொல்வதற்குப் பதிலாக ஸ்பேம் என்று தள்ளிவிடுவார்கள். அது உங்கள் அடுத்த மின்னஞ்சலையும் கெடுக்கும். பில்லுக்காக மட்டும் முகவரி கொடுத்தவர்களுக்கு இதை அனுப்பாதீர்கள். சலுகைச் செய்தி அனுப்பலாம் என்று சொன்னவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள்.

முழு விஷயத்தையும் ஒரு படமாக வடிவமைத்து அனுப்ப வேண்டாம். படம் திறக்காத போனில் வெறும் கட்டம்தான் தெரியும், ஆளுக்கு ஆள் மாறும் பாயிண்டையும் அதில் போட முடியாது. எழுத்தாகவே அனுப்புங்கள். ஆனால் நீளம் கவனம். ஜிமெயில் சுமார் 102 கேபிக்கு மேல் போனால் மீதியை மறைத்துவிடும். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் ஆங்கில எழுத்தைவிட அதிக இடம் பிடிக்கும். மேலே உள்ள அளவு தாராளமாக அடங்கும். வடிவமைப்பு மென்பொருள் சேர்க்கும் குப்பைதான் எல்லையைத் தாண்ட வைக்கும், அப்போது மறைவது அடியில் இருக்கும் விதிகளும் "வேண்டாம்" இணைப்பும்தான்.

அனுப்பும் முன் ஐந்து சோதனை முகவரிகளுக்கு 0, 86, 99, 100, 214 என்று பாயிண்ட் வைத்து அனுப்பிப் பாருங்கள். 0 உள்ளவருக்கு "உங்கள் கணக்கில் 0 பாயிண்ட்" என்று போவது நன்றாக இருக்காது. அவருக்கு அந்தப் பத்தியும் உதாரணத்தில் 86 வரும் வரியும் இல்லாத தனி நகல் வேண்டும். 100 தாண்டியவருக்கு "இன்னும் இத்தனை" என்பதைவிட "இப்போதே ₹25 கழித்துக்கொள்ளலாம்" என்று முதலில் வர வேண்டும். 99 உள்ளவருக்குக் கழிக்கும் தொகை ₹0 என்று காட்டாமல் "இன்னும் 1 பாயிண்ட்" என்று மட்டும் காட்டினால் போதும்.

ஓடிபி வரியை நான் சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது. வயதானவர்கள் பலரின் கணக்கு பெங்களூரிலோ சென்னையிலோ இருக்கும் பிள்ளையின் எண்ணில் இருக்கும். அம்மா கவுன்டரில் நிற்பார், ஓடிபி மகன் போனுக்குப் போகும், அவர் மீட்டிங்கில் இருப்பார். வார இறுதிக் கூட்டத்தில் இப்படி நான்கு பேர் நின்றால் வரிசையே நகராது. அவர்கள் வந்தால் அன்றே எண்ணை மாற்றிக் கொடுக்க மூன்று கடையிலும் ஒருவரை நிறுத்துங்கள். கவுன்டரில் ஒட்டும் தாளிலும் மின்னஞ்சலில் உள்ள அதே முதல் இரண்டு வரிகள், அதே உதாரண பில் இருக்கட்டும். ₹1,609க்கு 128 பாயிண்ட் என்று மின்னஞ்சலில் படித்தவருக்கு கவுன்டரில் வேறு உதாரணம் காட்டினால் மறுபடி முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்கும்.